மேப்பில் காலியிடம் தெரிகிறது, அங்கே கடை போடலாமா? பாக்கெட் நொறுக்குத்தீனி பிராண்டுகளின் பெர்செப்சுவல் மேப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நொறுக்குத்தீனி தயாரிக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கள ஆய்வு செய்து கொடுப்பது என் தொழில். எம்.பி.ஏ. மாணவர்களும், சொந்தமாக முறுக்கு பிராண்டு தொடங்க நினைப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பெர்செப்சுவல் மேப்னா என்ன சார்? கிளாஸ்ல படம் போட்டாங்க, ஆனா அது எதைக் காட்டுதுன்னு பிடிபடல.

மளிகைக் கடை வாசலில் சரம் சரமாக பாக்கெட் தொங்குகிறது. கடைக்காரருக்கு அது இருபது சரக்கு. வாங்க வந்தவரின் மனதிலோ அது மூன்று நான்கு கூட்டம்தான்: பிள்ளை அடம்பிடித்துக் கேட்பது, விருந்தாளி வந்தால் தட்டில் கொட்டுவது, அம்மா செய்வது மாதிரி இருப்பது, டாக்டருக்குப் பயந்து வாங்குவது. எந்த பாக்கெட் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, எது எதிலிருந்து தள்ளி நிற்கிறது என்ற அந்த மனக்கணக்கைக் காகிதத்தில் புள்ளிகளாக வைப்பதுதான் மேப்.

இதில் உண்மை நிலவரத்துக்கு இடமில்லை என்பதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண உருளைக்கிழங்கு சிப்ஸில் 100 கிராமுக்குச் சுமார் 30 முதல் 35 கிராம் கொழுப்பு இருக்கும். எண்ணெயில் பொரித்த முறுக்கின் பின்பக்க அட்டவணையைப் படித்தால் அதுவும் பெரும்பாலும் பெரிய யோக்கியனாக இருக்காது. ஆனாலும் "பிள்ளைக்கு சிப்ஸ் கெடுதல், முறுக்கு பரவாயில்லை" என்று சொல்லும் வீடுகள் ஏராளம். மேப்பில் சிப்ஸும் முறுக்கும் தள்ளித் தள்ளித்தான் விழும். ஆய்வுக்கூட முடிவைக் கொண்டுபோய் அதைத் திருத்தக் கூடாது.

விலை ஒரு அச்சு, தரம் ஒரு அச்சுன்னு கோடு போட்டு, நமக்குத் தெரிஞ்ச பிராண்டை எல்லாம் வச்சிட்டா ஆச்சே?

பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நொறுக்குத்தீனியில் அது இரண்டு விதமாகக் காலை வாரும்.

ஒன்று, நம் ஊரில் சரத்தில் தொங்குவதில் பெரும்பகுதி 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட். விலை அச்சில் எல்லாப் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். விலையை எடுத்தே ஆக வேண்டுமென்றால் 100 கிராமுக்கு எவ்வளவு என்று மாற்றிக்கொள்ளுங்கள். 10 ரூபாய்க்கு ஒருவர் 25 கிராம் தருகிறார், இன்னொருவர் 50 கிராம் தருகிறார் என்றால் ஒன்று 40 ரூபாய், மற்றது 20 ரூபாய். அச்சிட்ட விலை ஒன்றானாலும் இருப்பது இரட்டிப்பு தூரம்.

இன்னொன்று, விலையும் தரமும் மக்கள் மனதில் கைகோத்துப் போகும். புள்ளிகள் எல்லாம் குறுக்குக் கோடாக ஒரே சாய்வில் விழும், இரண்டு மூலைகள் காலியாகத் தெரியும். ஒரு மூலை "விலை அதிகம், தரம் மட்டம்", அங்கே யாரும் போக மாட்டார்கள். இன்னொரு மூலை "விலை குறைவு, தரம் உயர்வு". அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கண்கள் விரிய வந்து நின்றவர்கள் எனக்கு நிறையப் பேர் தெரியும். நீங்கள் போட்ட கோடுதான் அந்தக் காலியிடத்தை உண்டாக்கியது. அங்கே லாபத்தோடு சரக்கு செய்ய முடிந்திருந்தால் ஏற்கெனவே யாராவது செய்திருப்பார்கள்.

அப்போ எந்தக் குணங்களைக் கேட்கணும்? லிஸ்ட் எங்கே கிடைக்கும்?

லிஸ்ட் வாங்குபவர் வாயிலிருந்து வர வேண்டும். அதற்கு ஒரு பழைய, எளிய வழி இருக்கிறது. மூன்று பாக்கெட்டை மேஜைமேல் வையுங்கள். "இதில் எந்த ரெண்டு ஒரே மாதிரி? மூணாவது எதனால வேற?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த மூன்றை எடுங்கள். ஒருவரிடம் ஏழெட்டு முறை இப்படிச் செய்தால் போதும், பதினைந்து இருபது பேருக்குப் பிறகு சொன்னதே திரும்ப வர ஆரம்பிக்கும்.

ஒருமுறை ஒரு பெரிய கம்பெனி சிப்ஸ், மசாலா தூவிய சோளக் குச்சி, பாக்கெட் மிக்சர் மூன்றையும் ஒரு பாட்டி முன் வைத்தோம். காரம், புளிப்பு என்று ஏதாவது சொல்வார் என்று பேனாவோடு காத்திருந்தோம். அவர் மிக்சரைத் தனியாகத் தள்ளிவிட்டு, "இது ரெண்டும் பிரிச்சா ஒரு ஆளுக்குத்தான். இத டப்பால கொட்டி வைக்கலாம்" என்றார். டப்பாவில் கொட்டி வைக்க முடியுமா என்பது எங்கள் அலுவலகத்தில் யார் யோசனையிலும் வராத குணம். அந்த ஆய்வில் பிராண்டுகளைப் பிரித்துக் காட்டிய சொற்களில் அதுவும் ஒன்றாக இருந்தது.

கிடைத்த சொற்களில் பிரிக்காத சொற்களைத் தூக்கிவிடுங்கள். "ருசியா இருக்கு", "மொறுமொறுன்னு இருக்கு" என்பதெல்லாம் விற்கிற எந்த பாக்கெட்டுக்கும் பொருந்தும். எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கும் குணம் மேப்பில் யாரையும் நகர்த்தாது. பத்துப் பன்னிரண்டு சொற்கள் மிஞ்சினால் தாராளம்.

பிராண்டு லிஸ்ட்ல யாரை எல்லாம் சேர்க்கணும்? டாப் அஞ்சு பேர் போதுமா?

போதாது. இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக எட்டு பாக்கெட் பிராண்டுகளை வைத்து மேப் போட்டோம். "பாரம்பரியம்", "உடம்புக்கு நல்லது" இரண்டும் சேரும் மூலை துடைத்து வைத்தாற்போல் காலியாக இருந்தது. சிறுதானிய முறுக்கு போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். போட்டார்கள். முதல் சுற்று போனது, இரண்டாவது சுற்றில் கடைகளிலிருந்து சரக்கு திரும்பி வந்தது.

என்னவென்று பார்க்கத் தெருத்தெருவாகப் போனால், அந்த மூலை காலியாகவே இல்லை. மகளிர் சுயஉதவிக் குழுவினர் கேழ்வரகு முறுக்கும் கம்பு சீவலும் செய்து, பெயர் அச்சிடாத பிளாஸ்டிக் கவரில் போட்டு, பின் அடித்து அதே மளிகைக் கடைகளில் வைத்திருந்தார்கள். எங்கள் பட்டியலில் பிராண்டு மட்டும்தான் இருந்தது. வாங்குபவருக்கு அந்தப் பாகுபாடு கிடையாது.

அதனால் பட்டியலில் கட்டாயம் நான்கு பேர் இருக்க வேண்டும் என்பேன்: தெருமுனை ஹாட் சிப்ஸ் கடை, இனிப்புக் கடையின் எடைபோட்டுக் கொடுக்கும் மிக்சர், ஊர்ப் பேரால் வாங்குவது, வீட்டில் செய்வது. ஊர்ப் பேர் என்றால் மணப்பாறை முறுக்கு, சாத்தூர் காராச்சேவு மாதிரி. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. எந்த நிறுவனமும் சொந்தம் கொண்டாட முடியாத பிராண்டு அது, ஆனால் "கைப்பக்குவம்" என்ற இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

எத்தனை பேர்கிட்ட கேட்கணும்? மார்க் போடச் சொல்லலாமா?

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒவ்வொரு குணத்துக்கும் ஏழுக்கு எத்தனை என்று கேட்டால், பத்து பாக்கெட்டும் பன்னிரண்டு குணமும் சேர்ந்து 120 கேள்வி ஆகிவிடும். இருபதாவது கேள்வியிலேயே எல்லாவற்றுக்கும் ஐந்து, ஐந்து என்று வரும். ஒரு சொல்லைச் சொல்லி, "இது எதுக்கெல்லாம் பொருந்தும்? எத்தனை வேணும்னாலும் சொல்லுங்க" என்று கேட்பது சுலபம், பதிலும் சுத்தமாக வரும். பாக்கெட்டுகளை அடுக்கும் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். இல்லாவிட்டால் இடது ஓரத்தில் இருப்பதற்கு ஓட்டு கூடும்.

ஒரு குழுவுக்கு, அதாவது ஒரே ஊரில் ஒரே மாதிரி வாங்குபவர்கள் 200 பேர் என்றால் நான் நிம்மதியாக இருப்பேன். அதை இரண்டு நூறாகப் பிரித்துத் தனித்தனி மேப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் பிராண்டுகள் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால் நம்பலாம். ஒரு பிராண்டு மட்டும் இங்கும் அங்கும் ஓடினால் அதைத் தெரிந்தவர்கள் குறைவு என்று அர்த்தம்.

எண்ணிக்கை கையில இருக்கு. இதை மேப்பா மாத்தறது எப்படி?

ஒரு சின்னக் கணக்கைக் கையாலேயே போட்டுக் காட்டுகிறேன். கீழே இருப்பது பயிற்சிக்காக நானே வைத்த எண்கள், எந்த பிராண்டின் நிஜ ஆய்வும் அல்ல. 200 பேரிடம் கேட்டோம், ஒவ்வொன்றுக்கும் இத்தனை பேர் "பொருந்தும்" என்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்டு என்பது எண்ணெயில் பொரிக்காமல் சுட்டெடுத்த வகை.

| | பிள்ளைகள் கேட்பது | வீட்டுப் பலகாரம் போல | விருந்தாளிக்கு வைக்கலாம் | எண்ணெய் பயமில்லை | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| சிப்ஸ் | 140 | 20 | 60 | 20 | 240 |
| மசாலா குச்சி | 100 | 10 | 20 | 10 | 140 |
| மிக்சர் | 40 | 60 | 90 | 10 | 200 |
| முறுக்கு | 30 | 90 | 60 | 20 | 200 |
| பேக்டு | 10 | 20 | 20 | 70 | 120 |
| மொத்தம் | 320 | 200 | 250 | 130 | 900 |

விருந்தாளிப் பத்தியைப் பாருங்கள். சிப்ஸுக்கும் 60, முறுக்குக்கும் 60. இரண்டும் சமம் என்று எழுதிவிட்டால் தப்பு. சிப்ஸ் பெரிய பேர், எதைக் கேட்டாலும் நாலு பேர் அதைச் சொல்வார்கள். அந்தப் புகழைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். வரிசை மொத்தத்தைப் பத்தி மொத்தத்தால் பெருக்கி, முழு மொத்தத்தால் வகுத்தால், புகழுக்கு ஏற்ப "வர வேண்டியது" எவ்வளவு என்று கிடைக்கும்.

சிப்ஸுக்கு 240 × 250 ÷ 900, சுமார் 67. வந்தது 60. ஏழு குறைவு. முறுக்குக்கு 200 × 250 ÷ 900, சுமார் 56. வந்தது 60. நான்கு அதிகம். அதே அறுபதுதான், ஒன்று சரிவு, ஒன்று ஏற்றம்.

இப்படி எல்லாக் கட்டத்துக்கும் போட்டால் படம் தானாக எழும். பிள்ளைகள் கேட்பதில் சிப்ஸ் +55, மசாலா குச்சி +50, முறுக்கு −41, மிக்சர் −31. வீட்டுப் பலகாரத்தில் முறுக்கு +46, மிக்சர் +16, சிப்ஸ் −33. எண்ணெய் பயமில்லை என்பதில் பேக்டு மட்டும் +53, மற்ற நால்வரும் கழித்தலில். ஆக, படுக்கைவாட்டில் ஒரு முனை பிள்ளைகள், மறுமுனை வீடு. செங்குத்தில் மேலே எண்ணெய் பயமின்மை. இடது கீழே சிப்ஸும் குச்சியும் தோளோடு தோள், வலது கீழே முறுக்கும் மிக்சரும், மேலே பேக்டு ஒற்றை ஆளாக. காலியிடம் இரண்டு: இடது மேல் மூலையில் "பிள்ளையும் கேட்கும், எண்ணெயும் பயமில்லை", வலது மேல் மூலையில் "வீட்டுப் பலகாரம், எண்ணெயும் பயமில்லை".

மென்பொருள்ல எப்படிப் போடறது? அதில் வர்ற படத்தை அப்படியே நம்பலாமா?

மேலே கையால் செய்ததன் முழு வடிவத்துக்குக் கரஸ்பாண்டன்ஸ் அனாலிசிஸ் என்று பெயர். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் `ca` என்ற தொகுப்பு இலவசம். மொத்தங்கள் இல்லாமல், பிராண்டு பெயர் முதல் பத்தியில் இருக்கும்படி அந்த அட்டவணையை `snacks.csv` என்ற கோப்பாகச் சேமித்துவிட்டு, இதைக் கொடுங்கள்:

```r
library(ca)
m <- as.matrix(read.csv("snacks.csv", row.names = 1))
f <- ca(m)
summary(f)
plot(f)
```

அச்சுகள் கொஞ்சம் சாய்ந்தோ, இடம் வலமாகப் புரண்டோ வரலாம். கவலை வேண்டாம், யார் யாருக்குப் பக்கம் என்பது மாறாது. ஆனால் படத்தைப் பார்ப்பதற்கு முன் `summary` தரும் அட்டவணையில் `qlt` என்ற பத்தியைப் பாருங்கள். ஒரு பிராண்டின் உண்மையான இடத்தில் ஆயிரத்துக்கு எவ்வளவு இந்த இரு பரிமாணப் படத்தில் பிடிபட்டிருக்கிறது என்று அது சொல்லும். 900 என்றால் அந்தப் புள்ளியை நம்பலாம். 300 என்றால் அந்த பிராண்டை வேறுபடுத்தும் விஷயம் காகிதத்துக்கு மேலேயோ கீழேயோ மூன்றாவது அச்சில் இருக்கிறது. அதன் நிழல்தான் இங்கே விழுந்திருக்கிறது. காலியிடத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு நிழல் நின்றால், அந்த இடம் காலிதானா என்றே தெரியாது.

இன்னொரு தவறு எல்லோரும் செய்வது: பிராண்டுப் புள்ளிக்கும் குணப் புள்ளிக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளப்பது. இந்த வகைப் படத்தில் அந்தத் தூரத்துக்கு நேரடி அர்த்தம் கிடையாது. மையத்திலிருந்து இரண்டும் ஒரே திசையில் போகின்றனவா, எவ்வளவு தூரம் தள்ளிப் போகின்றன என்று பாருங்கள்.

நடுவுல ஒரு பிராண்டு நிக்குதே, அது சமநிலையா?

பெரும்பாலும் "இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை" என்று அர்த்தம். அதன் `qlt` குறைவாக இருந்தால் மட்டும் மூன்றாவது அச்சைத் தோண்டிப் பாருங்கள்.

சரி, காலியிடம் ரெண்டு கிடைச்சிடுச்சு. எதுல இறங்கறது?

இங்கேதான் பொறுமை வேண்டும். ஓர் இடம் காலியாக இருக்கப் பல காரணம் உண்டு. அங்கே வாங்க ஆள் இல்லாமல் இருக்கலாம். ஆள் இருந்தும் சரக்கு செய்ய வராமல் இருக்கலாம். என் சிறுதானியக் கதை மாதிரி நம் பட்டியலில் இல்லாத ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். இவை மூன்றும் கழிந்து மிஞ்சினால்தான் அது சந்தை. மேப் இதில் எதையும் சொல்லாது. மேப்பில் பிராண்டுகளின் இருப்பு மட்டும்தான் இருக்கிறது, வாங்குபவரின் ஆசை அதில் இல்லை.

ஆசையைத் தனியாகக் கேட்டு மேலே ஏற்ற வேண்டும். "எண்ணெய் குறைவா ஒண்ணு வந்தா வாங்குவீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதை எழுதி வைத்துப் பயனில்லை. "கடைசியா வாங்கின பாக்கெட் எது? யாருக்கு? கையை நீட்டி எடுத்தது யார்?" என்று நடந்ததைக் கேளுங்கள்.

அதே பயிற்சி எண்களில் தொடர்வோம். 200 பேரில் 90 பேர் கடைசியாக வாங்கியது பிள்ளைக்கு, 50 பேர் விருந்தாளிக்கு, 60 பேர் தங்களுடைய மாலை டீக்கு என்று வைப்போம். 90 பேர் என்றதும் இடது மேல் மூலைதான் பெரிய சந்தை என்று தோன்றும். ஆனால் அந்த 90-ல் 70 பாக்கெட்டைத் தேர்ந்தெடுத்தது பிள்ளை. எண்ணெய்க்குப் பயப்படுவது அம்மா, சரத்திலிருந்து கிழிப்பது பிள்ளை. இரண்டு பேரின் விருப்பத்தை ஒரே புள்ளியில் ஒட்டியதால் உண்டான காலியிடம் அது. மிச்சமுள்ள 20 பேர்தான் அங்கே நிஜமான ஆள்.

வலது மேல் மூலைக்கு வருவோம். டீக்கு வாங்கும் 60 பேரும் பெரியவர்கள், எடுப்பவரும் தின்பவரும் ஒருவரே. அதில் "முறுக்கு பிடிக்கும், எண்ணெய்க்காகக் குறைச்சுக்கிட்டேன்" என்று சொன்னவர்கள் 25 பேர். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் உறுதியானது. அவர்களிடம் இன்னொரு கேள்வி: "இப்போ அதுக்குப் பதிலா என்ன சாப்பிடறீங்க?" பொட்டுக்கடலை, பொரி, அவித்த சுண்டல் என்று பதில் வந்தால், உங்கள் போட்டியாளர் பேக்டு பிராண்டு அல்ல, பொரி மூட்டைதான். அந்த விலைக்கு எதிரே நீங்கள் நிற்க வேண்டும்.

ஆசையைக் கேட்கும்போது இரண்டு வகைக் குணங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். "நமுத்துப் போகாது" என்பது கூடக்கூட நல்லது, அதற்கு ஒரு திசை போதும். காரம் அப்படி இல்லை. ஒரு அளவு வரை ஏறும், அதற்குமேல் கண்ணில் நீர் வந்து இறங்கும். அதற்கு ஆளாளுக்கு ஓர் உச்சப் புள்ளி உண்டு. காரத்துக்கும் அம்புக்குறி போட்டுவிட்டு, "இன்னும் காரமான இடம் காலி" என்று போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

சரக்கு செய்து பார்த்துட்டோம். அது நினைச்ச இடத்துலதான் விழுதான்னு எப்படித் தெரியும்?

இதை யாரும் கேட்பதில்லை, கேட்டதற்கு மகிழ்ச்சி. மாதிரி பாக்கெட்டைச் சிலருக்குக் கொடுத்துத் தின்னச் சொல்லுங்கள். பிறகு அதே நான்கு சொற்களை, அதே முறையில் கேளுங்கள். அடுப்பில் சுட்ட முறுக்கு ஒன்றைக் கொடுத்தோம், வரிசையாக 8, 12, 10, 30 என்று ஓட்டு வந்தது என்று வைப்போம். மொத்தம் 60. சதவீதமாக்கினால் பிள்ளைகள் 13, வீடு 20, விருந்தாளி 17, எண்ணெய் பயமில்லை 50.

பேக்டு வரிசையையும் சதவீதமாக்கிப் பாருங்கள்: 8, 17, 17, 58. முறுக்கு வரிசை: 15, 45, 30, 10. நம் சரக்கு பெயரளவில்தான் முறுக்கு. மக்கள் அதை பேக்டு பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். எண்ணெயை எடுத்தபோது எண்ணெய் தந்த வாசமும் நொறுங்கும் பதமும் சேர்ந்தே போய்விட்டன, அவற்றோடு "வீட்டுப் பலகாரம்" என்ற நினைப்பும் போய்விட்டது. வலது மேல் மூலை இத்தனை நாள் காலியாக இருந்ததன் காரணம் இப்போது தெரிகிறது.

மென்பொருளில் இதைச் செய்ய, புதிய வரிசையை ஆறாவதாகச் சேர்த்துவிட்டு `ca(m, suprow = 6)` என்று கொடுங்கள். பழைய மேப்பை அசைக்காமல் புதிய புள்ளியை மட்டும் அதன்மேல் வைத்துக் காட்டும். சாதாரண வரிசையாகச் சேர்த்தால் மேப்பே அதற்கேற்ப வளைந்துவிடும், இலக்கு நகர்ந்தது தெரியாது.

நிஜத்துல இப்படிக் காலியிடம் பிடிச்ச பிராண்டு எது? தோத்தது எது?

இந்தியாவில் எல்லோரும் முதலில் சொல்வது குர்குரே. லேஸ் இந்தியாவுக்கு 1995-ல் வந்தது. அது ஒரு கரை: உருளைக்கிழங்கு, மேல்நாட்டு வடிவம். எதிர்க்கரையில் ஹால்திராம் போன்ற நம்கீன்: சேவு, பூந்தி, மிக்சர். 1999-ல் லேஸின் சொந்தக்கார நிறுவனமே அரிசி மாவு, சோள மாவு, கடலை மாவு கலந்து, இயந்திரத்தில் பிதுக்கி எடுத்த கோணல்மாணல் குச்சியை மசாலாவில் புரட்டிக் கொண்டுவந்தது. பார்த்தால் புதுசு, வாயில் போட்டால் பழகிய சுவை. இரண்டு கரைக்கும் நடுவே நின்றது. இன்று அந்த இடமும் நெரிசல்தான்.

"பொரிக்கவில்லை, சுட்டது" என்ற இடத்தை வெளிப்படையாகப் பேசி 2017-ல் இறங்கியது டூ யம். விராட் கோலியை வைத்து விளம்பரம் செய்தது. அந்த பிராண்டைப் பற்றி எனக்குப் பிடித்தது, ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது.

தோற்றதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் அமெரிக்காவுடையது. "பொரித்த சிப்ஸின் ருசி, கொழுப்பே இல்லை" என்ற மூலை அங்கே காலியாக இருந்தது, ஆசைப்படும் ஆளும் ஏராளம். உடல் கிரகிக்காத ஒலெஸ்ட்ரா என்ற செயற்கைக் கொழுப்பை அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 1996-ல் அனுமதித்தது. வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வரலாம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது நிபந்தனை. லேஸ் தயாரிக்கும் ஃப்ரிட்டோ-லே நிறுவனம் 1998-ல் அதில் பொரித்த "வாவ்" சிப்ஸை நாடு முழுக்க இறக்கியது. முதலில் அமோகமாகப் போனது, பிறகு சரிந்தது. 2003-ல் எச்சரிக்கை வாசகத்துக்கு விலக்குக் கிடைத்த பிறகும் போன நல்ல பேர் திரும்பவில்லை, 2004-ல் பெயரையே மாற்றினார்கள். காலியிடம் உண்மை, வாங்குபவர் உண்மை. ஆனால் நிரப்ப வந்த சரக்கு, மேப்பில் யாரும் போடாத ஓர் அச்சைத் தன்னோடு கொண்டுவந்தது: வயிறு.

எண்ணெய் பயமில்லாத இடத்தைப் பிடிக்க பாக்கெட்ல "கொழுப்பு குறைவு"ன்னு போட்டுடலாமா?

போட முடியாது, பெரும்பாலும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ம் ஆண்டு விளம்பர விதிகளின்படி, திட உணவில் "கொழுப்பு குறைவு" என்று சொல்ல 100 கிராமுக்கு 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கக் கூடாது. 30 கிராமை 15 ஆக்கியிருந்தாலும், உங்கள் உழைப்பு பெரிது, சொல் மட்டும் கிடைக்காது. "பொரிக்கவில்லை, சுட்டது" என்பது செய்முறை உண்மை, அது உண்மையாக இருந்தால் சொல்லலாம். ஆகவே மேப்பில் அச்சுக்குப் பெயர் வைக்கும்போதே, பாக்கெட்டில் அச்சிடக்கூடிய சொல்லா என்று ஒருமுறை யோசித்துவிடுங்கள். அச்சிட முடியாத இடத்துக்கு ஆள் வர வழி தெரியாது.

சென்னைக்கும் மதுரைக்கும் ஒரே மேப் போட்டா பணம் மிச்சமாகுமே?

மிச்சமாகும். ஆனால் இரண்டு ஊரும் சேர்ந்து, எந்த ஊரிலும் இல்லாத ஒரு மேப்பை உங்களுக்குக் கொடுக்கும். ஓர் ஊரில் குறிப்பிட்ட மிக்சர் "விருந்தாளிக்கு" பக்கம் இருக்கும், இன்னோர் ஊரில் அது யாரென்றே தெரியாது. கூட்டினால் அது மையத்துக்கு வந்துவிடும், அது விட்டுச்சென்ற இடம் காலியாகத் தெரியும். அம்மாக்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் கலந்தாலும் இதே கதை. பணம் குறைவென்றால் ஒரே ஓர் ஊர், ஒரே ஒரு கூட்டம் எடுத்துக்கொண்டு அங்கேயே விற்கத் தொடங்குங்கள்.

ஒருதரம் போட்ட மேப் எத்தனை நாளைக்கு உதவும்?

புதிதாக ஒருவர் பெரிய விளம்பரத்தோடு இறங்கும் வரை. 2023 உலகச் சிறுதானிய ஆண்டு. அதற்கு முன் போட்ட மேப்பில் சிறுதானியத்துக்கு இருந்த இடைவெளியும் அதற்குப் பிறகு இருப்பதும் ஒன்றல்ல, இப்போது சூப்பர் மார்க்கெட்டில் அதற்கென்று தனித் தட்டே இருக்கிறது. முழு ஆய்வை வருடாவருடம் செய்யக் கையில் காசில்லை என்றால், மூன்று பாக்கெட் கேள்வியை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்துப் பேரிடம் கேளுங்கள். போன தடவை வராத சொல் ஒன்று இரண்டு மூன்று பேர் வாயிலிருந்து வந்தால், பழைய மேப்பை மடித்து வைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டிய நேரம்.